சுவருக்கு ஒரு கணக்கு, சாமானுக்கு ஒரு கணக்கு: வீட்டுக் காப்பீடு இரண்டாகப் பிரிந்த வரலாறு

இந்த முறை எடுத்துக்கொண்ட தலைப்பு வீட்டுக் காப்பீடு. "இதெல்லாம் வீடு வாங்கின பெரியவங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று நினைப்பவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். வாடகை அறையில் இருக்கிறவர்களுக்கும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

எந்த வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியைப் பிரித்துப் பார்த்தாலும் இரண்டு தனித்தனித் தொகைகளுக்கு இடம் இருக்கும். ஒன்று கட்டடத்துக்கு. மற்றொன்று கட்டடத்துக்குள் இருக்கும் பொருட்களுக்கு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை எடுக்காமலும் இருக்கலாம். தீ வந்தால் இரண்டையும் சேர்த்துத்தானே எரிக்கிறது, பிறகு ஏன் இந்தப் பிரிவினை? இதற்கு விடை தேடினால் நாம் போய்ச் சேரும் இடம் லண்டன் நகரம், காலம் பதினேழாம் நூற்றாண்டு.

1666: எரிந்த நகரமும் வாடகைத் தகராறும்

1666 செப்டம்பர் 2 அன்று அதிகாலையில், லண்டனில் புட்டிங் லேன் என்ற சந்தில், தாமஸ் ஃபாரினர் என்பவருடைய ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. கோடைக் காலம் முடிந்த சமயம், மர வீடுகள், நல்ல காற்று. நான்கு நாட்களில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் எரிந்து போயின. செயின்ட் பால் பேராலயமும் தப்பவில்லை.

அந்த நான்கு நாட்களில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வீட்டை யாராலும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆகவே சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டி வாடகை தாறுமாறாக ஏறியது. தேம்ஸ் நதியில் படகுகள் மூட்டை முடிச்சுகளால் நிரம்பின. கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், ஒயினையும் பார்மேசன் பாலாடைக்கட்டியையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்ததை எழுதி வைத்திருக்கிறார். புத்தக வியாபாரிகள் தங்கள் சரக்கையெல்லாம் செயின்ட் பால் பேராலயத்துக்கு அடியிலிருந்த நிலவறையில் அடுக்கினார்கள். கல் கட்டடம், எரியாது என்ற நம்பிக்கை. பேராலயம் எரிந்து இடிந்தபோது அத்தனை புத்தகமும் சாம்பலாயிற்று. ஆக, பொருட்களில் சில தப்பின, சில எரிந்தன, சில வழியிலேயே களவு போயின. வீடுகளின் கணக்கோ நேரடியானது. எந்தத் தெருவில் எத்தனை வீடு எரிந்தது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

தீ அணைந்தபின் வேறொரு சண்டை தொடங்கியது. லண்டனில் பெரும்பாலானோர் குத்தகைக்கோ வாடகைக்கோ குடியிருந்தவர்கள். அன்றைய குத்தகைப் பத்திரங்களில், வீட்டைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது குத்தகைக்காரர் பொறுப்பு என்று எழுதியிருப்பது வழக்கம். வீடே இல்லாமல் போனாலும் அவர் வாடகை கட்ட வேண்டும், வீட்டைத் திரும்பக் கட்டியும் தர வேண்டும்! சாமானும் போய், தொழிலும் போய் நிற்கிற ஒருவர் இதை எப்படிச் செய்வார்?

இந்த வழக்குகளுக்காகவே பாராளுமன்றம் ஒரு தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தியது. அதற்குத் தீ நீதிமன்றம் என்று பெயர். 1667 தொடக்கத்தில் கிளிஃபர்ட்ஸ் இன் என்ற இடத்தில் அது கூடத் தொடங்கியது. நீதிபதிகள் பல வழக்குகளில் ஒரு சமரசம் செய்தார்கள். குத்தகைக்காரர் வீட்டைக் கட்டட்டும், அதற்கு ஈடாக அவருடைய வாடகையைக் குறைத்துக் குத்தகைக் காலத்தை நீட்டித்துக் கொடுங்கள் என்றார்கள். அந்த நீதிமன்றம் தீர்த்து வைத்தது கட்டடத்தைப் பற்றிய சண்டைகளை. எரிந்த கட்டிலுக்கும் துணிமணிக்கும் அங்கே யாரிடமும் பணம் கேட்க வழியில்லை.

1680: டாக்டர் பார்பனின் அலுவலகம், வீடுகளுக்கு மட்டும்

நிக்கோலஸ் பார்பன் மருத்துவம் படித்தவர். ஆனால் பணம் சம்பாதித்தது கட்டட வேலையில். தீக்குப் பிந்தைய லண்டனில் வரிசை வரிசையாக வீடுகள் கட்டி விற்றார். 1680-இல் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குப் பின்புறம் ஒரு தீக்காப்பீட்டு அலுவலகம் திறந்தார். வீட்டுத் தீக்காப்பீடு தொடர்ந்து நடக்கும் ஒரு வியாபாரமாக ஆனது இங்கிருந்துதான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அவருடைய கட்டண விகிதம் எளிமையானது. செங்கல் வீடானால் ஆண்டு வாடகையில் 2.5 சதவீதம், மர வீடானால் 5 சதவீதம். ஆண்டுக்கு 20 பவுண்டு வாடகை வரும் ஒரு செங்கல் வீட்டுக்கு அரை பவுண்டு, அதாவது 10 ஷில்லிங். அதே வாடகையுள்ள மர வீட்டுக்கு ஒரு முழு பவுண்டு. விகிதத்தை முடிவு செய்ய அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டே தகவல்கள்: வீடு எதனால் கட்டப்பட்டது, எவ்வளவு வாடகை போகிறது. இரண்டையும் தெருவில் நின்றே தெரிந்துகொள்ளலாம்.

பார்பன் காப்பீடு கொடுத்தது வீட்டுக்கு மட்டும். உள்ளே இருந்த பொருளுக்கு இல்லை. 1683-இல் வந்த ஃப்ரெண்ட்லி சொசைட்டியும், 1696-இல் வந்த ஹேண்ட் இன் ஹேண்ட் சங்கமும் அப்படித்தான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், லண்டனில் ஒருவர் தன் சுவரையும் கூரையையும் காப்பீடு செய்யலாம், தன் மெத்தையைக் காப்பீடு செய்ய முடியாது என்ற நிலை.

ஏன் என்று காப்பீடு கொடுப்பவர் இடத்தில் இருந்து யோசித்தால் புரியும். வீடு நகராது. நேற்று இருந்த வீடு இன்றும் அங்கேயே இருக்கும். எரிந்தால் எரிந்தது ஊருக்கே தெரியும். திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்லிவிடுவார். பொருட்கள் அப்படியா? பாலிசி எடுத்த அன்று பத்துப் பட்டுத்துணி இருந்திருக்கலாம், தீப்பிடித்த அன்று இரண்டுதான் மிஞ்சியிருந்திருக்கலாம். எரிந்தபின் எத்தனை இருந்தது என்று யார் சொல்வது? சாம்பலை வைத்து எண்ண முடியாதே.

அந்தக் காலத்தின் தீக்குறி என்ற பொருளிலும் இதைப் பார்க்கலாம். காப்பீடு செய்த வீட்டின் முன்சுவரில் ஈயத்தாலான ஒரு சின்னத்தை அடித்து வைப்பார்கள். பார்பன் அலுவலகத்துக்கு ஃபீனிக்ஸ் பறவை, ஹேண்ட் இன் ஹேண்டுக்குக் கோத்த இரு கைகள். சின்னத்தின் கீழே பாலிசி எண்ணும் பொறித்திருக்கும். எந்த வீடு எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று சுவரைப் பார்த்தே தெரிந்துவிடும். நாற்காலிக்கும் கம்பளத்துக்கும் இப்படி ஒரு குறி அடித்து வைக்க வழியில்லை.

1708: பொருட்களுக்கும் காப்பீடு

இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டவர் சார்லஸ் போவி என்ற வியாபாரி. 1708-இல் அவர் பொருட்களுக்கும் சரக்குக்கும் என்றே ஒரு தீக்காப்பீட்டு அலுவலகம் தொடங்கினார். சீக்கிரமே அதை வேறு சிலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் 1710-இல் அமைத்ததுதான் சன் ஃபயர் ஆபீஸ். வீடு, பொருள் இரண்டையும் காப்பீடு செய்த நிறுவனம் அது. முகம் வரைந்த சூரியன் அதன் சின்னம்.

இதைப் பார்த்து ஹேண்ட் இன் ஹேண்டைச் சேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சங்கத்தில் பொருட்களைச் சேர்க்கவில்லை. 1714-இல் பொருட்களுக்கென்று யூனியன் என்ற தனிச் சங்கத்தையே தொடங்கினார்கள். ஆகவே ஒரே வீட்டுக்காரர் சுவருக்கு ஒரு சங்கத்திலும் சாமானுக்கு இன்னொரு சங்கத்திலும் பாலிசி வைத்திருக்கலாம். இன்றைய பாலிசியில் இரண்டு வரிகளாக இருப்பது அன்றைக்கு இரண்டு அலுவலகங்களாகவே இருந்தது.

பொருட்களுக்குக் காப்பீடு கொடுத்தவர்கள் ஏமாறாமல் இருக்க மூன்று வழிகளைக் கையாண்டார்கள்.

முதலாவது, பொருட்களை வகை வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச வரம்பு எழுதுவது. உதாரணத்துக்கு நானே எண்களை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் 300 பவுண்டுக்குப் பாலிசி எடுக்கிறார். வீட்டுச் சாமான்கள் 100 பவுண்டுக்கு மேற்படாமல், உடைகள் 50-க்கு மேற்படாமல், கடைச் சரக்கு 150-க்கு மேற்படாமல் என்று எழுதப்படுகிறது. 200 பவுண்டு மதிப்புள்ள சரக்கு எரிந்து, உடைகள் முழுதும் தப்பிவிட்டால் அவருக்குக் கிடைப்பது 150 மட்டுமே. உடைகளுக்கான 50 மிச்சம் இருக்கிறதே, அதை இங்கே சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்க முடியாது.

இரண்டாவது, சில பொருட்களை அடியோடு விலக்குவது. ரொக்கப் பணம், கடன் பத்திரங்கள், கணக்குப் புத்தகங்கள், வெடிமருந்து ஆகியவை பாலிசியில் சேராது என்று எழுதிவிடுவார்கள். வெடிமருந்துக்குக் காரணம் சொல்ல வேண்டாம். மற்றவை எரிந்தால் எவ்வளவு எரிந்தது என்று நிரூபிக்கவே முடியாதவை.

மூன்றாவது, அக்கம்பக்கத்தின் சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாலிசிகளில் ஒரு நிபந்தனை வழக்கமாக இருந்தது. இழப்பு உண்மையானது, மோசடி இல்லை என்று அந்தப் பகுதியின் பாதிரியார், தேவாலய நிர்வாகிகள், சில மதிப்புள்ள குடியிருப்பாளர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனை ஒருமுறை எவ்வளவு கடுமையாகப் போனது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. வொர்ஸ்லி எதிர் வுட், ஆண்டு 1796. சரக்கும் சாமானும் எரிந்துபோன வியாபாரிகளின் சார்பாகத் தொடுத்த வழக்கு. பாதிரியாரும் தேவாலய நிர்வாகிகளும் சான்றில் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தார்கள் என்பது வாதியின் கட்சி. இருந்தாலும் நீதிமன்றம் என்ன சொன்னது? சான்று தருவது பணம் பெறுவதற்கு முன் நிறைவேற வேண்டிய நிபந்தனை, அது நிறைவேறவில்லை, ஆகவே பணம் இல்லை. மூன்றாம் மனிதர் ஒருவர் கையெழுத்திட மறுத்ததால் கட்டிய பிரீமியமெல்லாம் வீணாயிற்று.

இந்த மூன்று வழிகளும் வந்தது ஒரே கேள்வியிலிருந்துதான்: எரிந்து போன பொருள் உண்மையிலேயே இருந்ததா?

1774: கட்டடத்துக்கு மட்டும் ஒரு சட்டம்

கட்டடத்திலும் மோசடி இல்லாமலில்லை. விற்க முடியாத பழைய வீட்டைத் தானே கொளுத்திவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? இதைத் தடுக்க 1774-இல் பாராளுமன்றம் ஒரு தீத்தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 83-ஆம் பிரிவு சொல்வது இது: எரிந்த கட்டடத்தில் உரிமை உள்ள எவர் கேட்டாலும், அல்லது வீட்டுக்காரரே தீ வைத்திருப்பார் என்று சந்தேகம் வந்தாலும், காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கையில் கொடுக்காமல் அந்தக் கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதற்கே செலவிட வேண்டும்.

கொளுத்தினாலும் திரும்ப ஒரு வீடுதான் கிடைக்கும், காசு கிடைக்காது என்றால் கொளுத்துவதில் லாபம் இல்லை. கூடவே இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், குத்தகைக்காரர் ஒருவர், அடமானம் வாங்கியவர் ஒருவர் என்று பலருக்கும் அதில் உரிமை இருக்கலாம். வீடு திரும்ப எழுந்தால் எல்லோருடைய உரிமையும் காக்கப்படும். 1667-இல் தீ நீதிமன்றத்தில் நின்றவர்களுக்கு இல்லாத பாதுகாப்பு இது.

கவனிக்க வேண்டியது, இந்தப் பிரிவு வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் மட்டுமே. பொருட்களுக்கு இல்லை. சட்டமும் அதே கோட்டின் மேல்தான் நின்றது.

நம் ஊர்ப் பாலிசியில் அந்தக் கோடு

இப்போது நேரே இந்தியாவுக்கு வருவோம். 2021 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் தீக்காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அதிலும் கட்டடம் தனி, உள்ளிருக்கும் பொருட்கள் தனி. இரண்டையும் எடுக்கலாம், ஏதாவது ஒன்றை மட்டும் எடுக்கலாம்.

கட்டடம் என்றால் சுவர், தரை, கூரை, அவற்றோடு நிரந்தரமாகப் பொருத்தியவை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி போன்றவை. பொருட்கள் என்றால் நிரந்தரமாகப் பொருத்தப்படாத வீட்டு உபயோகச் சாமான்கள்: கட்டில், பீரோ, துணிமணி, டிவி, ஃபிரிட்ஜ், சமையலறைச் சாமான். ஒரு பழைய வழி சொல்வார்கள். வீட்டை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் எவையெல்லாம் கீழே விழுமோ அவை பொருட்கள், விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பது கட்டடம். பெரும்பாலும் சரிவரும். ஆனால் இந்தப் பாலிசியில் சுவரில் பொருத்திய மின்சாதனங்களும் பொருட்களின் பக்கமே சேர்கின்றன. ஆகவே சந்தேகம் வந்தால் பாலிசியின் வரையறைப் பகுதியைப் படிப்பதே வழி.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 60 லட்சத்துக்கு 800 சதுர அடி ஃப்ளாட் ஒன்றை வாங்குகிறார். அந்த 60 லட்சத்தில் நிலத்தின் விலையும், அந்த ஏரியாவின் மவுசும் அடங்கியிருக்கிறது. நிலம் எரியாது. ஆகவே காப்பீட்டுக்கு எடுக்க வேண்டியது திரும்பக் கட்டும் செலவு மட்டும். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். கட்டடத்துக்கு இந்தத் தொகையில் பாலிசி எடுத்தால், பட்டியல் எதுவும் கொடுக்காமலே பொருட்களுக்கு அதில் 20 சதவீதம் தானாகச் சேரும். இங்கே 4 லட்சம். (இப்படித் தானாகச் சேருவதற்கு உச்ச வரம்பு 10 லட்சம்.) அவருடைய வீட்டுச் சாமான் 7 லட்சம் பெறும் என்றால் பட்டியல் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டி ஏற்றிக்கொள்ள வேண்டும். நகைகளுக்கும் கலைப்பொருட்களுக்கும் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தனியாக எடுக்க வேண்டும்.

விலக்கப்பட்டவை எவை என்று பாருங்கள். ரொக்கம், காசோலை, பத்திரங்கள், ஆவணங்கள், வெடிபொருட்கள். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் பட்டியலை அப்படியே படிப்பது போல் இல்லை?

இந்தக் கோடு தெரியாவிட்டால் எங்கே அடிபடுவோம் என்பதை இரண்டு இடங்களில் பார்க்கலாம். முதலாவது வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தபோது பெரும்பாலான கான்கிரீட் வீடுகளின் சுவர்கள் நின்றன. போனது மெத்தை, ஃபிரிட்ஜ், புத்தகம், பாத்திரம். கட்டடத்துக்கு மட்டும் பாலிசி வைத்திருப்பவருக்கு இப்படிப்பட்ட நாளில் சுவர்ப் பூச்சுக்கும் தரைக்கும் ஏதோ கிடைக்கலாம், மற்றதற்கு எதுவும் கிடைக்காது. வீட்டுக் கடன் வாங்கும்போது எடுக்கப்படும் பாலிசி பல நேரங்களில் இந்த வகைதான். கடன் கொடுத்தவருக்கு அடமானமாக இருப்பது கட்டடம், உங்கள் ஃபிரிட்ஜ் அல்ல. ஆகவே "லோனோடு இன்ஷூரன்ஸும் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால், அட்டவணையில் பொருட்கள் என்ற வரிக்கு எதிரே என்ன தொகை இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டு உரிமையாளர் எடுத்திருக்கும் பாலிசி அவருடைய கட்டடத்துக்கு. உங்கள் லேப்டாப்பும் துணியும் அதில் வராது. நீங்கள் கட்டடத்தைக் காப்பீடு செய்ய வேண்டிய அவசியம் இல்லை, பொருட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். 1680-இல் லண்டனில் வாடகைக்குக் குடியிருந்தவருக்குக் காசு இருந்தாலும் இது கிடைத்திருக்காது. போவி கடை திறக்கும்வரை இன்னும் 28 வருஷம் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, அந்தப் பழைய கேள்வி இன்னும் நம்மை விடவில்லை. எரிந்த பொருள் உண்மையிலேயே இருந்ததா? பாதிரியாரின் கையெழுத்தை இப்போது யாரும் கேட்பதில்லை, காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கிறார். அவரிடம் காட்ட வாங்கிய ரசீதுகளும், ஒவ்வொரு அறையின் புகைப்படமும் வேண்டும். அவற்றை அதே வீட்டின் பீரோவில் பூட்டி வைத்தால் பீரோவோடு சேர்ந்து போய்விடும். ஒரு பிரதியை ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ உங்கள் மின்னஞ்சலிலோ போட்டு வையுங்கள்.

உங்கள் வீட்டில் பாலிசி இருந்தால் இன்று எடுத்து அந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.